ஈரத்துணி ஏன் இப்படிக் குளிர்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி விடியலில் கோயிலுக்குப் போக, முந்தின ராத்திரி அலசிப் பிழிந்து வீட்டுக்குள் கொடியில் போட்ட வேட்டி காயவே இல்லை. பக்கத்தில் கிடந்த காய்ந்த துண்டைத் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. வேட்டியை இடுப்பில் சுற்றினால் உடம்பே சிலிர்க்கிறது. இரண்டும் ஒரே அறையில்தானே கிடந்தன? (மேலூர்)

அறை 22 டிகிரி என்றால் துண்டும் 22 டிகிரிதான். வேட்டியிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் மார்கழி விடியலில் காற்றே ஈரமாக இருக்கும், அதனால் வித்தியாசம் ஒரு டிகிரி அளவுதான். அந்த ஒரு டிகிரிக்கு உடம்பு இப்படிச் சிலிர்க்காது.

துணி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதைத் தோல் அறிவதில்லை. தன்னிடமிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் அறிகிறது. தோல் ஏறக்குறைய 33 டிகிரி. காய்ந்த பருத்தித் துணியில் பாதிக்கும் மேல் நூலிழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று. அசையாத காற்று சூட்டை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைப்போல 23 மடங்கு கடத்தும். நனையும்போது காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஈரவேட்டி தொடையோடு ஒட்டிக்கொள்வதால், துணிக்கும் தோலுக்கும் நடுவே இருந்த காற்றும் போய்விடுகிறது. சுற்றிய நொடியில் வரும் சிலிர்ப்பு இதனால்தான்.

தண்ணீர் சூட்டைக் கடத்துவதால் குளிர்கிறது என்கிறார்கள், ஆவியாவதால் என்றும் சொல்கிறார்கள். எது பெரிது? (திருமங்கலம்)

முதல் நிமிடத்தில் கடத்தல். அதற்குப் பிறகு ஆவியாதல். வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு கைக்குட்டைகளை நனைத்து ஒரே மாதிரி பிழியுங்கள். இரண்டு முன்கைகளிலும் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். ஒன்றின்மேல் மட்டும் பாலித்தீன் கவரைச் சுற்றி, இரு முனையிலும் ரப்பர் பேண்ட் போடுங்கள். ரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு இறுக்க வேண்டாம். ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். தொட்ட நொடியில் இரண்டும் ஒரே குளிர்ச்சிதான். சில நிமிடங்களில் கவர் போட்ட கை வெதுவெதுப்பாகிவிடும். திறந்த கை, துணி காய்கிறவரை குளிர்ந்துகொண்டே இருக்கும். வித்தியாசம் தெரியவில்லை என்றால் கவரின் முனை வழியாகக் காற்று போகிறது, அல்லது கவரின் வெளிப்புறம் நனைந்திருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கணக்கும் இதையே சொல்கிறது. 200 கிராம் எடையுள்ள சட்டை நனைத்துப் பிழிந்தபின் 350 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 150 கிராம் தண்ணீர். அதை 25 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குச் சூடாக்க 4.4 கிலோஜூல் போதும். உடம்பு இதைச் சட்டென்று கொடுத்துவிடும். அதே 150 கிராமும் ஆவியாக வேண்டுமானால் ஏறக்குறைய 360 கிலோஜூல் தேவை, கிட்டத்தட்ட 80 மடங்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மொத்தச் சூடும் ஏறத்தாழ அவ்வளவுதான். இதில் ஒரு பங்கு சுற்றியுள்ள காற்றிலிருந்து வரும். மீதி நம்மிடமிருந்துதான் போகிறது.

பைக்கில் கொடைக்கானல் போகும்போது வத்தலக்குண்டில் மழையில் நனைந்துவிட்டோம். மழை நின்றுவிட்டதே என்று அப்படியே மலை ஏறினால், பாதி வழியில் பல் கிடுகிடுக்கிறது. ஈரச் சட்டைக்கு மேலே ரெயின்கோட் போட்டால் பயன் உண்டா? (உசிலம்பட்டி)

உண்டு. மழை நின்றபின்தான் அது அதிகம் தேவை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், அதனால் மேலே போய்ச் சேரும்போது அடிவாரத்தைவிடப் பத்து டிகிரியாவது குறைவாக இருக்கும். அதோடு வண்டி ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று சட்டையை உரசி, ஆவியாகும் ஈரத்தை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போகிறது. பாலித்தீன் சுற்றிய கையில் பார்த்ததைத்தான் ரெயின்கோட்டும் செய்யும். கழுத்தும் மணிக்கட்டும் மூடியிருக்க வேண்டும். பட்டன் திறந்து கோட் படபடவென்று அடித்தால் உள்ளே காற்று புகுந்து பலன் போய்விடும்.

ஆனால் ரெயின்கோட் ஆவியாவதைத்தான் தடுக்கும், ஈரச் சட்டைக்குள் காற்றைத் திருப்பிக் கொண்டுவராது. சட்டை உடம்பின் சூட்டைக் கோட்டுக்குக் கடத்தும், வெளிக்காற்று அதை எடுத்துக்கொள்ளும். அதனால் மலை ஏறும் முன்பே நின்று, சட்டையைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, காய்ந்தது எதையாவது போடுங்கள். மாற்றுச் சட்டை இல்லை என்றால் காய்ந்த துண்டை மார்பில் சுற்றி மேலே கோட்டை மாட்டுங்கள். துண்டும் இல்லை என்றால் மட்டும் சட்டையை முறுக்கிப் பிழிந்து போட்டுக்கொள்ளலாம். பிழிந்து எடுத்த தண்ணீர் ஆவியாக உங்கள் உடம்பு சூடு தர வேண்டியதில்லை.

ஜீன்ஸ் கனமான பருத்தி, தண்ணீரை நிறையக் குடித்து வெகுநேரம் காயாது. பாலியெஸ்டர் இழைக்குள் தண்ணீர் அவ்வளவாக ஊறாது, அதனால் சீக்கிரம் காயும்.

பின்னால் உட்கார்ந்து வரும் குழந்தையை அடிக்கடி பாருங்கள். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் அதற்குமேல் வண்டி ஓட்டக் கூடாது. ஆள் இன்னும் ஈரத்தோடு இருக்கும்போதே நடுக்கம் நின்று சோர்ந்து போனால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உடம்பு சூடாகும் என்று மது கொடுக்கவே கூடாது. அது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு இன்னும் சூட்டை வெளியேற்றும்.

மழை பெய்யும்போது காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. அப்போது எப்படி ஆவியாகும்? (வாடிப்பட்டி)

கொடியில் கிடக்கும் துணியிலிருந்து ஆவியாகாது. உங்கள் மேல் இருக்கும் துணியை உடம்பு சூடாக்குகிறது. சூடான ஈரத்திலிருந்து கிளம்பும் ஆவி, குளிர்ந்த காற்றில் உள்ளதைவிட அதிகம். அதனால் மழையிலும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தலையில் ஈரத்துண்டு போட்டால் சிலநேரம் சுகமாக இருக்கிறது, சிலநேரம் புழுங்குகிறது. ஏன்? (மதுரை, செல்லூர்)

நிழலில் 38 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், காற்றோட்டத்தில் இருக்கும் ஈரத்துணி 24 டிகிரி வரை இறங்கும். அதே துண்டோடு நெரிசலில் காற்றில்லாமல் நின்றால் ஆவி அங்கேயே தங்கிவிடும். துண்டு உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், பாலித்தீனுக்குள் இருந்த கைக்குட்டை மாதிரி. நாலாக மடித்துப் போட்டாலும் அடி மடிப்பு வெதுவெதுத்துப்போகும். ஒற்றையாக விரித்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, காற்று வரும் பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சூடாகிவிட்டால் எடுத்து நாலு தடவை உதறினாலே மறுபடி குளிர்ந்துவிடும்.

ஐப்பசி அடைமழையில் துணி காய்ந்துவிட்டதா, வெறும் குளிர்ச்சியா என்றே தெரியவில்லை. பள்ளிச் சீருடையை எப்படிச் சோதிப்பது? (திருப்பரங்குன்றம்)

தோலில் ஈரத்தை அறியும் தனி உணர்வு கிடையாது. குளிர்ச்சியையும் தொடு உணர்வையும் சேர்த்துத்தான் ஈரம் என்று ஊகிக்கிறோம், அதனால் குழம்புவது இயல்பு. இடுப்புப்பட்டி, பாக்கெட்டின் அடித்தையல், காலர் ஆகியவை கடைசியாகக் காயும் இடங்கள். அங்கே உள்ளங்கையை அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். காய்ந்த துணி கைச்சூட்டுக்கு வந்துவிடும். பிறகு கையை எடுத்து, அந்த இடத்தில் வாயால் ஊதி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடி சில்லிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்தத் தையலை மட்டும் உள்பக்கமாகத் திருப்பி அயர்ன் பாக்ஸால் தேய்த்தால் போதும், முழுத்துணியையும் தேய்க்க வேண்டியதில்லை.