ஆகஸ்ட் 15 வேலைக்கு மாத்து லீவு

"ஆகஸ்ட் 15 கடைக்கு வந்தேன், மாத்து லீவு கேட்டா அப்புறம் பாப்போம்னு மொதலாளி இழுக்காரு, என்ன செய்ய?"

தம்பி, வாயால கேட்டா இழுக்கத்தான் செய்வாவ, வாட்ஸாப்புல எழுதிப் போடுங்க. 1958 தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி அன்னிக்கு வேலை பாத்தா ரெட்டைச் சம்பளம், இல்லன்னா அன்னிக்குள்ள சம்பளமும் சம்பளத்தோட இன்னொரு நாள் லீவும், எது வேணும்ங்கது உங்க இஷ்டம், அவரு இஷ்டமில்ல. நான் பாளையங்கோட்டையில ஒரு ஜவுளிக்கடையில இருந்தப்ப தேதி சொல்லாம கேட்டு வச்சேன், தீபாவளி கூட்டம் வந்து அப்படியே அமுங்கிப்போச்சு. அதனால, "அண்ணாச்சி, 15ஆம் தேதி காலைல 9லேருந்து சாயங்காலம் 6 வரைக்கும் சேலை செக்சன்ல நின்னேன், அதுக்கு வார 26 செவ்வாய்க்கிழமை மாத்து லீவு எடுத்துக்கிடுதேன், எடத்துக்கு ஆள் சொல்லியாச்சு"ன்னு தேதியோட போடுங்க. வருகை ரிஜிஸ்டர்ல அன்னிக்கு உங்க கையெழுத்து இருக்கான்னும் பாத்துக்கிடுங்க. ஒண்ணு, வாராவாரம் உள்ள லீவையே மாத்து லீவுன்னு எழுதப் பாப்பாவ, அதுக்கு மட்டும் தலையாட்டிராதீங்க.