200 மூட்டை சிமெண்ட் அடுக்க எவ்வளவு இடம் வேண்டும்?

"கொருக்குப்பேட்டையில் வீடு கட்டுகிறேன். 200 மூட்டையை மொத்தமாக இறக்கினால் விலை குறையும் என்கிறார் கடைக்காரர். 10-க்கு 12 அடி அறை இருக்கிறது. 15 மூட்டை உயரம்கூட அடுக்கலாம் என்கிறார் மேஸ்திரி. போதுமா சார்?"

போதாது. அந்த அறையில் 120 மூட்டைதான் பத்திரமாக நிற்கும்.

50 கிலோ மூட்டை ஒன்று தரையில் சுமார் 0.3 சதுர மீட்டர் பிடிக்கும், உயரம் 18 செ.மீ. 10 மூட்டைக்கு மேல் அடுக்கக் கூடாது. 200 மூட்டை என்றால் 20 அடுக்கு, ஆக 6 சதுர மீட்டர், அதாவது 65 சதுர அடி. உங்கள் அறையோ 120 சதுர அடி. இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லோரும் தலையில் கட்டுகிறார்கள். சுவரோடு ஒட்டி அடுக்கினால்தான் அது சரி. நாலு பக்கமும் சுவரிலிருந்து 2 அடி விட வேண்டும். விட்டால் மிஞ்சுவது 6-க்கு 8 அடி. அதில் முழு மூட்டையாக வைத்துப் பார்த்தால் 12 அடுக்குதான் வரும். 200-ம் வேண்டுமென்றால் அறை 10-க்கு 16 அடி இருக்க வேண்டும்.

வடசென்னையில் கடல் ஈரம் எப்போதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தரையும் சுவரும் சேர்ந்து வியர்க்கும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை போட்டு, மேலே பாலித்தீன் தாள் விரித்து, அடுக்கிய பிறகு முழுவதும் மூடுங்கள். உயரம் எட்டு மூட்டையைத் தாண்டினால் ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்கே மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் சரியும்.

15 உயரம் அடுக்கினால் அடி மூட்டை பாரத்தில் இறுகிவிடும். இதில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். பாரத்தால் மட்டும் இறுகிய மூட்டையைத் தரையில் நாலு முறை உருட்டினால் தளர்ந்துவிடும், கட்டியும் விரலில் நசுங்கும். அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நசுங்காத கட்டி ஈரம் பட்டது, செத்த சிமெண்ட். அதைச் சலித்து, கட்டியை எடுத்துவிட்டு மீதியைப் போடலாம் என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். கட்டியாகாத தூளும் வலு இழந்திருக்கும்.

விலை குறைப்பு பழைய சரக்கைத் தள்ளிவிடவும் இருக்கலாம். மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் மாதத்தையும் பாருங்கள். மூன்று மாதமானாலே ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். அதைத் தாண்டியதைச் சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. சொந்த வீடு கட்டுபவர் அதை எந்த ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்? அனுமதிக்கு அத்தனை காகிதம் கேட்கிறார்கள், சிமெண்ட் எப்படிக் கிடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது 120 மூட்டை இறக்குங்கள். மீதி 80-ஐ முதல் லோடு தீரும்போது, புதிய தேதி பார்த்து வாங்குங்கள்.