டி.டி.எஸ். அளவை மின்கடத்துதிறனாக மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் பேனா மீட்டர் 840 ppm காட்டுகிறது. படிவத்தில் µS/cm-ல் கேட்கிறார்கள். எதால் பெருக்க வேண்டும்? ஒருவர் 2 என்கிறார், இன்னொருவர் 1.43 என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உங்கள் மீட்டர் எந்த வகை என்பதைப் பொறுத்தது அது.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பதால் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். பேனா மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. நுனியில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று மட்டும் பார்க்கிறது. அதாவது, முதலில் அளப்பதே மின்கடத்துதிறனைத்தான். அப்புறம் அதை ஒரு காரணியால் பெருக்கி ppm என்று திரையில் காட்டுகிறது. சில மீட்டர்களில் அந்தக் காரணி 0.5, சிலவற்றில் 0.64, சிலவற்றில் 0.7. நீங்கள் செய்ய வேண்டியது, மீட்டர் பெருக்கியதைத் திரும்ப வகுப்பதுதான்.

```
µS/cm = ppm ÷ காரணி
840 ÷ 0.5 = 1680
840 ÷ 0.7 = 1200
```

ஒரே 840-க்கு 480 வித்தியாசம். அதனால் காரணி தெரியாமல் படிவத்தை நிரப்பாதீர்கள்.

காரணியைக் கண்டுபிடிக்க, முதலில் மீட்டரில் ppm-இலிருந்து µS-க்கு மாற்றும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றும் வேலையே இல்லை, µS-ல் தெரிவதை அப்படியே எழுதிவிடலாம். இல்லையென்றால், ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் 1413 µS/cm நியமக் கரைசல் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டரில் 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைந்த தண்ணீர்தான் அது. 25 டிகிரியில் அதன் அளவு 1413. நுனியைக் கழுவித் துடைத்துவிட்டு அதில் நனையுங்கள். 700-ஐ ஒட்டிக் காட்டினால் காரணி 0.5. 900-ஐ ஒட்டினால் 0.64. 990-ஐ ஒட்டினால் 0.7.

இதில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. மீட்டர் கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் அந்தத் தப்பும் கணக்கில் அடங்கிவிடும். கரைசலில் 695 காட்டுகிறது என்று வையுங்கள். 840-ஐ 1413-ஆல் பெருக்கி 695-ஆல் வகுத்தால் 1708 வரும். 0.5 என்று எடுத்துக்கொண்டு போடும் 1680-ஐ விட இதைத்தான் நான் நம்புவேன்.

வெப்பநிலையைக் கவனியுங்கள். தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரி இருந்தால் அளவு 20 சதவீதம் அதிகமாக வரும். வெப்பநிலைத் திருத்தம் உள்ள மீட்டர் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். அந்த வசதி இல்லாவிட்டால் நியமக் கரைசலையும் உங்கள் தண்ணீரையும் ஒரே அறையில் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின் அளந்து பாருங்கள்.

இதுவரை சொன்னது மீட்டர் காட்டும் ppm-க்கு மட்டும்தான். லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் டி.டி.எஸ். வேறு சங்கதி. அங்கே வடிகட்டிய தண்ணீரை ஆவியாக்கி, 180 டிகிரியில் உலர்த்தி, மிஞ்சியதை எடை போடுகிறோம். அந்த எடைக்கும் கடத்துதிறனுக்கும் உள்ள விகிதம் தண்ணீருக்குத் தண்ணீர் மாறும், பொதுவாக 0.55-இலிருந்து 0.75 வரை. சாப்பாட்டு உப்பு மிகுந்த தண்ணீரில் அது குறைவாக இருக்கும், சல்பேட் மிகுந்ததில் கூடும். சிலிக்கா எடையில் வரும், ஆனால் மின்சாரம் கடத்தாது. பைகார்பனேட் நேர்மாறு: தண்ணீரில் இருக்கும்போது கடத்தும், உலர்த்தும்போது ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடும்.

ஆகவே கடத்துதிறன் 1680 இருக்கும் உங்கள் தண்ணீரின் விகிதம் 0.65 என்றால், லேப் எழுதும் டி.டி.எஸ். 1092. மீட்டரோ 840 என்கிறது. இரண்டிலும் தவறில்லை. ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை குடிநீருக்குச் சொல்லும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரம்பு, மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை என்ற தளர்வு, இரண்டுமே எடைபோட்ட டி.டி.எஸ்.ஸுக்கானவை. 0.5 மீட்டரில் 450 பார்த்துவிட்டு 500-க்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கடத்துதிறன் 900, அதே 0.65 விகிதத்தில் டி.டி.எஸ். 585.

எழுதும் முன் படிவத்தில் அலகை இன்னொரு முறை பாருங்கள். 1680 µS/cm என்பது 1.68 mS/cm; விவசாயப் படிவங்களில் வரும் dS/m-லும் அதே 1.68. ஆனால் mS/m என்று கேட்டிருந்தால் 168 என்று எழுத வேண்டும்.