சூழலை விட்டுவிட்டு ஆளைக் குறை சொல்வது ஏன்?

கேள்வி: ஃபண்டமென்டல் அட்ரிபியூஷன் எரர் என்றால் என்ன? கூட வேலை செய்பவர்கள், சொந்தக்காரர்கள், முன்பின் தெரியாதவர்களை எடைபோடும்போது அது எப்படி வருகிறது?

ஒருவர் நடந்துகொண்டதற்கு அவருடைய குணம்தான் காரணம் என்று முடிவுகட்டி, சூழலைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் இது. சக ஊழியர் மெயிலுக்குப் பதில் போடவில்லையா, பொறுப்பில்லாதவர். அத்தை விசேஷத்துக்கு வரவில்லையா, தலைக்கனம். வரிசையில் யாரோ எரிந்து விழுந்தால், அவர் முரடர்.

மேடையில் வெளிச்சம் நடிகர்மேல்தான் விழும், திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவர் தெரியமாட்டார். அப்படித்தான் ஆள் கண்முன் நிற்கிறார், அவரை நெருக்கும் சூழல் கண்ணில் படுவதில்லை.

சரி, சூழலைச் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்வோமா? 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதிய கட்டுரையை மாணவர்கள் படித்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பம் இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்டது என்று சொல்லியிருந்தும், எதிர்த்து எழுதியவரைவிட ஆதரித்து எழுதியவருக்கே காஸ்ட்ரோ மேல் பிடிப்பு அதிகம் என்று கணித்தார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: காரணம் தெரிந்தும் முதல் எண்ணம் முழுதாக மாறுவதில்லை.

குணமே பொருட்டில்லை, எல்லாத் தவறையும் மன்னித்துவிட வேண்டும் என்று இதைச் சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல, வெவ்வேறு சூழல்களிலும் ஒருவர் திரும்பத் திரும்ப அப்படியே நடந்தால் அதைக் குணம் என்று சொல்ல நியாயம் இருக்கிறது.