பேஸ் வந்தால் கிக் ஏன் காணாமல் போகிறது?

"அண்ணா, வெள்ளவத்தையில் வீட்டில் இருந்து நிமிடத்துக்கு 124 தட்டு வேகத்தில் ஒரு ஹவுஸ் டிராக் செய்கிறேன். ஹெட்போனில் நல்லாத்தான் கேட்குது. சிநேகிதன்ர ஓட்டோவில் போட்டால் பேஸ் வந்ததும் கிக் காணாமல் போகுது. மாஸ்டரிங் செய்தால் சரிவரும் என்று ஒருவர் காசு கேட்கிறார். குடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், தம்பி. மாஸ்டரிங் என்பது முடிந்த பாட்டைக் கடைசியாகச் சீர்செய்வது. கிக் என்ற டிரம் அடியும் பேஸ் என்ற ஆழச் சுரமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதினால், அந்தக் கலவையிலிருந்து இரண்டையும் யாராலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. என் முதல் டிராக்கை இப்படி ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துச் சத்தம் மட்டும் கூடி வந்தது, மோதலும் சேர்ந்து கூடியிருந்தது. பிள்ளைகளைக் கிரேட் கிரேட்டாகப் பியானோ சோதனைக்கு அனுப்புகிறோம். ஒரு பேஸ் சுரத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தர மட்டும் ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். நான்கு தட்டுகள் கொண்ட ஒரு பாரை 16 கட்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். கிக் 1, 5, 9, 13ஆம் கட்டங்களில் விழுகிறது. உங்கள் பேஸ் 1ஆம் கட்டத்தில் ஜி சுரத்தில் தொடங்கி பார் முழுக்க இழுபடுகிறது. ஆழத்தில் அந்த ஜி 49 ஹெர்ட்ஸ். உங்கள் கிக்கின் வால் பகுதியும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரு கதிரையில் இரண்டு பேர்.

முதலில் கிக்கின் நீளத்தைப் பாருங்கள். 124 வேகத்தில் ஒரு கட்டம் சுமார் 121 மில்லிசெக்கன். உங்கள் கிக் 300 மில்லிசெக்கன் ஒலிக்கிறது, அதாவது 3ஆம் கட்டத்தின் பாதிவரை. அதன் வாலை 220க்குக் குறையுங்கள். 1983இல் வந்த டிஆர்-909 என்ற டிரம் பெட்டியிலேயே கிக்குக்கு டிகே என்றொரு குமிழ் இருந்தது, இதே வேலைக்குத்தான்.

இப்போது 3ஆம் கட்டம் வெறுமையாகிவிட்டது. பேஸை 3, 7, 11, 15இல் வையுங்கள். இரண்டு கிக்குகளுக்கு நடுவில் விழும் இந்த இடங்கள்தான் ஹவுஸில் ஆளைத் தூக்கி ஆடவைப்பவை. இதோடு 8இல் சின்னதாக ஒரு பி ஃப்ளாட் சேருங்கள், 9இல் வரும் கிக்கை அது தள்ளிவிடும். 15இல் உள்ளதை ஒரு ஸ்தாயி மேலே எஃப் ஆக மாற்றினால் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்கும். ஒவ்வொரு சுரமும் அடுத்த கிக்குக்கு முன் முடிய வேண்டும். 3இல் தொடங்கும் சுரத்தை ஒன்றரைக் கட்டம் வைத்து நிறுத்துங்கள். 7இல் உள்ளது 8ஐத் தொடாமல் முடியட்டும். திரையில் சுரம் முடிந்தாலும் சிந்தசைசரின் ரிலீஸ் நீளமாக இருந்தால் ஒலி தொடரும். அதை 50 மில்லிசெக்கனுக்குக் கீழே வையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்.

கிக் விழும்போதெல்லாம் பேஸைத் தாழ்த்தும் சைட்செயின் பற்றிக் கேட்பீர்கள். மேலே சொன்னதெல்லாம் செய்தபின் மிச்சம் இருக்கும் சின்ன உரசலுக்கு அது போதும். அதற்கென்று தனி பிளக்-இன் விற்க வருபவரிடமும் காசு கொடுக்காதீர்கள், உங்கள் மென்பொருளிலேயே அந்த வசதி இருக்கிறது.

கிக்கோடு பேஸ் சேர்ந்தே விழலாமா? விழலாம், ஆனால் ஆழம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் இருக்க வேண்டும். கிக் குட்டையாக, 100 ஹெர்ட்ஸ் பக்கம் தட்டுவதாக இருந்தால், அதன் கீழே பேஸ் ஆழத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு சிக்கல் வரும். 49 ஹெர்ட்ஸில் ஓர் அலை 20 மில்லிசெக்கன். இரண்டு ஒலிகளும் பாதி அலை, அதாவது 10 மில்லிசெக்கன் விலகினாலே ஒன்றையொன்று தின்னும். ஒரு கிக் கனமாகவும் அடுத்தது மெலிந்தும் கேட்டால் காரணம் இதுதான்: சிந்தசைசர் ஒவ்வொரு சுரத்துக்கும் அலையை வெவ்வேறு இடத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே தொடங்கும்படி ரீட்ரிகரைப் போடுங்கள். பிறகு பேஸின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, திருப்பிப் பாருங்கள், எது தடிப்பாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லையென்றால் 1ஆம் கட்டத்தைக் கிக்குக்கே விட்டுவிடுங்கள்.

முடித்ததும் பேஸையும் கிக்கையும் மட்டும் ஓடவிட்டு, அதே ஓட்டோவில் தாழ்ந்த சத்தத்தில் கேளுங்கள். பேஸை நிறுத்தி மறுபடி போடும்போது கிக்கின் தட்டு மாறாமல் இருந்தால் சரி. மாறினால் பேஸின் சத்தத்தில் கை வைக்காமல், எந்தச் சுரம் கிக்குக்குள் நீள்கிறது என்று தேடி அதை வெட்டுங்கள்.