உறக்கத்தில் விறைப்பு: வளையத்தின் எண்களை மருத்துவர் எப்படிப் படிக்கிறார்?

"வயது 38. ஆறு மாதமாக உறவின்போது விறைப்பு நிலைப்பதில்லை. உறக்கத்தில் விறைப்பை அளக்கும் வளையத்தை மூன்று இரவுகள் அணிந்தேன். முதல் இரவு ஒரே முறை, 6 நிமிடம். இரண்டாம் இரவு நான்கு முறை, அதிகபட்சம் 22 நிமிடம். மூன்றாம் இரவு இரண்டு முறை, அதிகபட்சம் 9 நிமிடம். சராசரி குறைவு என்கிறது செயலி. கோளாறு உடலிலா, மனத்திலா?"

சராசரியை விட்டுவிடுங்கள். மருத்துவர் முதலில் தேடுவது உங்கள் மிகச் சிறந்த இரவை. இரத்தக் குழாயோ நரம்போ கடுமையாகப் பழுதுபட்டிருந்தால், ஓர் இரவில் மட்டும் 22 நிமிடம் விறைப்பு நிற்பது கடினம். முதல் இரவின் குறைந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதிய பொருளை அணிந்துகொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. இந்த விறைப்புகள் பெரும்பாலும் கனவு வரும் உறக்கக் கட்டத்தில் நிகழ்பவை. அந்தக் கட்டம் கலைந்தால் விறைப்பும் குறையும். குறைந்தது இரண்டு இரவுகள் அளக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. வீட்டு வளையங்கள் பல, உறுப்பின் சுற்றளவு எப்போது கூடியது, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். பருத்தது எல்லாம் இறுகியது ஆகாது. மருத்துவமனைக் கருவியில் அடியில் ஒன்று, நுனியில் ஒன்று என இரண்டு கண்ணிகள் உண்டு. அவை அவ்வப்போது மெல்ல இறுக்கி, உறுப்பு எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று அளக்கும். நுனியில் 60 சதவீத இறுக்கம் 10 நிமிடமாவது நீடித்த ஒரு விறைப்பு பதிவானால், விறைப்புக்கான உடல் அமைப்பு இயங்குகிறது என்று கொள்வார்கள். உங்கள் 22 நிமிடம் கால அளவைத் தாண்டிவிட்டது, இறுக்கம் தெரியவில்லை. அடிப்பகுதி இறுகி நுனி தளர்ந்தே இருந்திருந்தால் கதை வேறு.

இறுக்கமும் சரியாக இருந்தால், உறவு நேரத்துப் பதற்றத்தின் பக்கம் சந்தேகம் சாயும். அப்போதும் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தப் பரிசோதனைகளைத் தவிர்க்க வேண்டாம்.

எல்லா இரவும் மோசமாக இருந்திருந்தாலும் உடனே இரத்தக் குழாயைக் குற்றம் சொல்ல முடியாது. குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கம், இரவு மது, மனச்சோர்வு, அதற்கான மாத்திரைகள், டெஸ்டோஸ்டிரோன் குறைவு ஆகிய எல்லாமே வளையம் பதியும் வரைபடத்தைத் தட்டையாக்கும். இவற்றைப் பார்த்த பிறகே, உறுப்பின் இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் பரிசோதனைக்கு அவசியம் வரும்.

மது அருந்தாமல் இன்னும் இரண்டு இரவுகள் அணியுங்கள். வலியோ மரத்துப்போதலோ தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள். தூங்கிய நேரம், இடையில் விழித்தது, உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, செயலியின் சுருக்கத்தை மட்டும் காட்டாமல் ஒவ்வொரு இரவின் முழு வரைபடத்தோடு சிறுநீரகவியல் நிபுணரிடம் கொண்டுபோங்கள்.