சர்வரோகக் காரணி

கேள்வி: வயது 45. மாதவிலக்கு தேதி முன்பின்னாக வருகிறது. படுத்ததும் தூங்கிவிடுகிறேன், ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட முழிப்புதான். 'டென்ஷனைக் குறைங்க' என்கிறார் டாக்டர். மெனோபாஸ்தான் இன்னும் வரவில்லையே, ஏன் இப்படி?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: வந்துவிட்டதா டென்ஷன்! வயிறு எரிந்தால் டென்ஷன், முடி கொட்டினால் டென்ஷன். நண்பர் ஒருவரை நாய் கடித்தபோதும் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார்கள். அவருடையதையா, நாயுடையதையா என்று பாவம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. 45 வயது ஆண் தூங்கவில்லை என்றால் சர்க்கரை, தைராய்டு, குறட்டை என்று டெஸ்ட் எழுதுகிறார்கள். பெண் என்றால் டென்ஷன். இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு டாக்டர் வாசகர் சந்தாவை நிறுத்திவிடுகிறார். நிறுத்தட்டும்.

மாதவிலக்கு 12 மாதம் தொடர்ந்து நின்றால்தான் மெனோபாஸ். தூக்கம் கெடுவதோ அதற்குச் சில வருஷம் முன்பே தொடங்கலாம். கருமுட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் மிச்சமிருக்கும் கூடுதான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உங்கள் வயதில் சில மாதங்கள் முட்டை வெளியேறுவதே இல்லை. கூடு இல்லாததால் அந்த ஹார்மோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ரத்தப்போக்கும் வரும். அதனால் எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும்.

புரோஜெஸ்டிரோனில் ஒரு பகுதி உடலில் அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியை அது வலுப்படுத்துகிறது. பல தூக்க மாத்திரைகள் வேலை செய்வதும் அதே ஏற்பியில்தான். புரோஜெஸ்டிரோன் எலிகளை மயங்கவைக்கிறது என்று ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் 1940களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். 3 மணி விழிப்புக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வியர்த்து விழித்தால் ஈஸ்ட்ரோஜன் ஆட்டத்துக்கும் பங்குண்டு. குறட்டை விட்டால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப்போக்கு அதிகமாகி, படுத்தால் கால் குறுகுறுக்கிறது என்றால், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நம் மெடிக்கல் ஷாப் அண்ணாச்சிகள். கல்யாணம், திருவிழாவுக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போட அவர்கள் சீட்டில்லாமல் கொடுக்கும் நாரெத்திஸ்டிரோனும் 'புரோஜெஸ்டிரோன் வகை'தான். ஆனால் அது அலோபிரெக்னனலோனாக மாறாது. தூக்கத்துக்கு என்று அதை விழுங்கிப் பயனில்லை. இயற்கை வடிவப் புரோஜெஸ்டிரோனை, அதாவது மைக்ரோனைஸ்டு கேப்ஸ்யூலை, இரவில் வாய்வழி சாப்பிட்டால் கல்லீரல் வழியே போகும்போது நிறைய அலோபிரெக்னனலோனாக மாறும். சிலருக்கு நல்ல தூக்கம் வரும், சிலருக்குத் தலை சுற்றும். மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய், ரத்தக்கட்டி இருந்தவர்கள் தாங்களாகத் தொடவே கூடாது. தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபிடி-ஐ என்ற, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி. விழித்துக்கொண்டு படுக்கையில் புரளாமல், படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் உட்காருவது அதில் ஒரு பாடம்.

புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். சுழற்சியின் முதல் பாதியில் அது எல்லோருக்குமே குறைவு. தேதி தவறும்போது எந்தப் பாதி என்று யார் சொல்வது? ரெண்டு மாதம் விலக்குத் தேதியையும் விழித்த நேரத்தையும் காலண்டரில் குறித்து, மகளிர் மருத்துவரிடம் நீட்டுங்கள். அவரும் டென்ஷன் என்றால், அடுத்த மருத்துவர்.